முத்துக் கரையின் கதை – 21: வாழைமரம் போட்ட பத்து வெள்ளி

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை விட்டு நாலு தெரு உள்ளே தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் முன்னறையில் உட்கார்ந்துதான் அந்த நோட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆச்சிக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். சங்கு குளித்தவர்கள் பற்றி ஏதாவது பழைய காகிதம் கிடைக்குமா என்று கேட்டுப் போயிருந்தேன். அவர்கள் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வைத்தார்கள். சங்கு பற்றி அதில் ஒன்றுமில்லை. எல்லாம் நோட்டு. ஒரே மாதிரியான பத்து வெள்ளி நோட்டுகள், நூல் போட்டுக் கட்டியவை, நூற்றுக்குக் குறையாது.

"எங்கப்பா மலாயாவில இருந்து கொண்டு வந்தது. இம்புட்டையும் கொடுத்தாலும் ஒரு படி அரிசி வாங்க முடியாதுன்னு சொல்லுவாவ. ஆனா தூரப் போட விட மாட்டாவ" என்றார்கள் ஆச்சி.

ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் தாரோடு நிற்கும் வாழைமரம். ஆங்கிலத்தில் ஜப்பானிய அரசாங்கம் என்று மேலே அச்சிட்டிருக்கிறது. கொண்டு வருபவர் கேட்டவுடன் பத்து டாலர் தருவோம் என்ற உறுதிமொழியும் இருக்கிறது. எந்த அதிகாரியின் கையெழுத்தும் இல்லை. சிவப்பில் சின்னதாக ஒரு முத்திரை மட்டும். கட்டில் இருந்த மற்ற நோட்டுகளையும் புரட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எதிலுமே வரிசை எண் இல்லை. எம் என்ற எழுத்தோடு இன்னொரு எழுத்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை நோட்டு அடித்தோம் என்று அடித்தவனே எண்ணிக்கொள்ளாத பணம் அது.

இந்தத் தொடரில் இதுவரை முத்துச் சிலாபம், சங்கு, உப்பு, பருத்தி என்று கையால் தொட்டு எடை போடக்கூடிய சரக்குகளைப் பற்றியே எழுதி வந்தேன். இந்த வாரம் பணம் என்ற சரக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகக் கரையை விட்டு மலாயா வரை போய்த் திரும்ப வேண்டும். ஆச்சியின் அப்பா போய்த் திரும்பிய அதே வழிதான்.

அதற்கு முன் சிலாபக் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் குளிப்பு நடக்கும்போது குளிகாரருக்குச் சம்பளம் கிடையாது. அன்றன்று அள்ளிய சிப்பியைக் கொட்டாரத்தில் மூன்று பங்காகக் குவிப்பார்கள். பிரிட்டிஷ் காலத்தில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். குளிகாரர் தம் பங்கைக் கரையிலேயே விற்றுவிடுவார். சிப்பிக்குள் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனாலும் அது ஒரு பொருள். யார் வாக்குறுதியையும் நம்பி அதை வாங்க வேண்டியதில்லை.

காகிதப் பணம் அப்படிப்பட்டதல்ல. அது வாக்கின் மேல் நிற்பது. நம் கரைக்கு அந்த அனுபவம் டச்சுக்காரர் காலத்திலேயே உண்டு. தூத்துக்குடி அன்று கொழும்பு டச்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1780-களில் ஆங்கிலேயரோடு நடந்த போரால் கொழும்புக் கஜானாவில் நாணயம் வற்றியது. ஆளுநர் வான் டி கிராஃப் 1785-இல் கடன் சீட்டுகளை அச்சிட்டுப் பணமாகப் புழங்கவிட்டார். நாணயத்துக்கு எதிரே அந்தச் சீட்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே போயிற்று. 1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, ஐம்பதாயிரம் பவுண்டு வரை அந்தச் சீட்டுகளுக்குப் பொறுப்பேற்பதாகச் சரணாகதி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டி வந்தது. அந்தக் காகிதத்துக்கு மதிப்பு குறைந்தது, அழியவில்லை. வேறொரு அரசு வந்து கொஞ்சமாவது வாக்கைக் காத்தது. ஆச்சி வீட்டுக் கட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஜப்பான் படை துப்பாக்கியோடு நோட்டையும் அச்சிட்டுக் கொண்டு வந்திருந்தது. அதுவரை புழங்கிய மன்னர் தலை போட்ட மலாயா வெள்ளி ஒன்றுக்குத் தங்கள் நோட்டு ஒன்று சமம் என்று அறிவித்தார்கள். வாங்க மறுப்பது குற்றம். கெம்பெய்த்தாய் என்ற அவர்களுடைய இராணுவப் போலீசுக்குப் பயந்தே எந்தக் கடைக்காரரும் கை நீட்டி வாங்கினார். முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. காகிதமும் நன்றாக இருந்தது. முதல் சில மாதங்களில் மக்கள் ஏறக்குறைய அதை நம்பவும் செய்தார்கள். சீனர்களிடம் மட்டும் ஐந்து கோடி வெள்ளியைக் காணிக்கையாகக் கொடு என்று படை கட்டாயப்படுத்தியது. அதைக் கட்டுவதற்காகக் குடும்பங்கள் நிலத்தையும் கடையையும் விற்க அலைந்தன. பணத்துக்குத் தட்டுப்பாடே இருந்த மாதங்கள் அவை.

பிறகு எங்கே சறுக்கியது? படைக்கு அரிசி வேண்டும், மரம் வேண்டும், கூலி ஆள் வேண்டும், தகரம் வேண்டும். எல்லாவற்றையும் நோட்டைக் கொடுத்து வாங்கினார்கள். ஓர் அரசு செலவுக்கு வரி வாங்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். இரண்டும் போதாமல் போனால் அச்சு இயந்திரம்தான். மலாயாவின் வரி வருமானம் பெரும்பாலும் ரப்பர், ஈய ஏற்றுமதியில் நின்றது. போரில் அந்த ஏற்றுமதி செத்துப்போனது. எதிர்ப்பக்கம், நோட்டைக் கொடுத்தால் வாங்குவதற்குச் சரக்கும் இல்லை. மலாயா தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. கப்பல்களை நேசநாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. பெருகும் நோட்டு, சுருங்கும் சரக்கு. 1943-இல் ஜப்பானியர் லாட்டரிச் சீட்டுகூட விற்றுப் பார்த்தார்கள். மக்கள் கையில் தேங்கிய நோட்டைத் திரும்ப உறிஞ்சுவதுதான் அதன் நோக்கம். உறிஞ்சியது கொஞ்சம், ஊற்றியது வெள்ளமாக.

சிங்கப்பூர் விலைவாசியைப் பின்னாளில் கணக்கிட்டவர்களின் எண்களில் நாலைந்தை மட்டும் சொல்கிறேன். 1941 டிசம்பரில் நூறு வெள்ளிக்கு வாங்கிய சாமான், 1942 டிசம்பரில் சுமார் 350 வெள்ளி. 1943 டிசம்பரில் 1,200. 1944 டிசம்பரில் 10,700. ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டில் 35,000. ரங்கூனில் நிலைமை இதைவிட மோசம். அங்கே அதே நூறு, கடைசியில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரத்தைத் தாண்டியது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள். 1943-இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி அழைத்தார்கள். போருக்கு முன் தோட்டத்தில் ஆண் கூலி ஏறத்தாழ அரை வெள்ளி. கேட்கிற காதுக்கு இரட்டைக் கூலி. ஆனால் 1943 கடைசியில் அந்த ஒரு வெள்ளிக்குக் கிடைத்தது, சிங்கப்பூர் விலைக் கணக்குப்படி, பழைய காலத்து எட்டுக் காசுச் சாமான். அரை வெள்ளியில் ஆறில் ஒரு பங்கு. போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்த உயிர்களுக்கு விலையாகச் சொல்லப்பட்ட கூலியும் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பொறுப்பதில்லை.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. போருக்கு முன் மலாயாவில் புழங்கிய நோட்டு இருபது கோடி வெள்ளிக்குச் சற்று மேல். போர் முடியும்போது பல நூறு கோடி. எப்படிக் கணக்குப் போட்டாலும் நோட்டு பெருகியது சில பத்து மடங்குதான். விலை ஏறியதோ முந்நூற்றைம்பது மடங்கு. மிச்சம் எங்கிருந்து வந்தது? சரக்குக் குறைந்தது ஒரு காரணம். பாதியாகக் குறைந்தால் விலை இரட்டிக்கும். அப்போதும் கணக்கு நேராகவில்லை.

நேராகாத அந்த மிச்சம் மக்களின் கையில் இருந்தது. ஆச்சியின் அப்பா ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நல்ல காலத்தில் மாதச் சம்பளத்தை வாங்கி, கொஞ்சம் ஊருக்கு அனுப்பி, மீதியைப் பெட்டியில் வைத்து மாதம் முழுவதும் செலவு செய்வார். சராசரியாகப் பாதி மாதச் சம்பளம் எப்போதும் அவர் பெட்டியில் தூங்கும். 1944-இல் மாதத்துக்கு ஏறத்தாழ இருபது சதவீதம் விலை ஏறிக்கொண்டிருந்தது. முதல் தேதி வாங்கிய நோட்டை முப்பதாம் தேதி செலவழித்தால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். திருடன் வரவில்லை, பெட்டி பூட்டியே இருந்தது. ஒன்றிரண்டு மாதம் இப்படிப் பட்டவன் என்ன செய்வான்? சம்பளம் வாங்கிய அன்றே மரவள்ளிக் கிழங்கு, உப்பு, துணி, சவுக்காரம் என்று கிடைத்ததை வாங்கிப் போடுவான். இப்போது நோட்டு அவன் கையில் பதினைந்து நாளுக்குப் பதில் ஒன்றரை நாள்தான் தங்குகிறது.

அவனிடம் நோட்டை வாங்கிய கடைக்காரரும் அதையேதான் செய்கிறார். இரவு கல்லாவில் வைக்காமல் சாயங்காலமே மொத்த வியாபாரியிடம் ஓடுகிறார். ஊரே இப்படி ஓடினால் அதே நோட்டு மாதத்துக்குப் பத்து மடங்கு அதிகமாகக் கை மாறும். புதிதாக ஒரு நோட்டுகூட அச்சடிக்காமலே, பத்து மடங்கு நோட்டு அடித்ததற்குச் சமமாக விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடுவார்கள். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் அச்சடிப்பவன் கையைக் கட்டினாலும் உடனே நிற்காது. ஏனென்றால் அப்போது விலையை ஏற்றுவது நாளைக்கு இந்தக் காகிதத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயம்.

இந்தப் பயம் கண்ணில் படும் அடையாளங்கள் உண்டு. முதலில் நல்ல பணம் மறையும். மலாயாவில் மன்னர் தலை நோட்டு 1942-லேயே மூங்கிலுக்குள்ளும் அரிசிப் பானைக்கடியிலும் போய்விட்டது. இரண்டில் எது கெட்டதோ அதைத்தானே முதலில் செலவு செய்வோம். அடுத்து நோட்டுக்கு நோட்டு பேதம் பார்ப்பார்கள். வரிசை எண் போட்ட பழைய ஜப்பான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எண் இல்லாததைத் தள்ளிவிடுவார்கள். எண் இல்லாத நோட்டைக் கள்ளத்தனமாக அச்சடிப்பதும் சுலபமாயிற்று. மூன்றாவதாகக் கூலி பொருளாகும். வெள்ளியாகக் கொடுத்தால் வேலைக்கு ஆள் வராது, அரிசியாகவோ துணியாகவோ கொடுத்தால் வரும். உலகின் பெரிய சந்தைகளில் ஒன்றான சிங்கப்பூர், 1945-இல் நம் சிலாபக் கொட்டாரத்துக் கணக்குக்கே இறங்கி வந்தது. குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி என்பதைப் போல, உழைத்தவனுக்கு இத்தனை கட்டி அரிசி. கட்டி என்பது அங்கத்து எடை, அறுநூறு கிராமுக்குச் சற்று அதிகம்.

இதை மிகைப் பணவீக்கம் என்று சொல்லலாமா? பொருளியலில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1956-இல் பிலிப் கேகன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மாதத்துக்கு ஐம்பது சதவீதம் விலை ஏறினால்தான் அந்தப் பெயர் என்று வரையறுத்தார். அந்த வேகத்தில் ஓர் ஆண்டில் விலை ஏறத்தாழ நூற்று முப்பது மடங்காகும். 1923-இல் ஜெர்மனியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. 1946-இல் ஹங்கேரியில் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்தது. இவற்றின் பக்கத்தில் வைத்தால் சிங்கப்பூரின் இருபது சதவீதம் கேகன் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. ரங்கூன் 1945-இல் சிங்கப்பூரைவிட வேகமாக ஓடியது. நான் கேகன் கோட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியில் வைத்த சம்பளம் மாதத்துக்கு ஆறில் ஒரு பங்கு கரையும் ஊரில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் ஏற்கெனவே மாறிவிடுகிறது. ஐம்பது சதவீதம் வரும் வரை யாரும் காத்திருப்பதில்லை.

பணம் சாகும்போது எல்லோரும் ஒரே மாதிரி நஷ்டப்படுவதில்லை. மலாயாவில் இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் செட்டியார் கிட்டங்கிக்குள் போக வேண்டும். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நீள நீளமான அந்தக் கூடங்களில், ஒவ்வொரு மார்க்காவின் ஏஜெண்டும் ஒரு மேசைப் பெட்டியும் பேரேடுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ரப்பர் தோட்டம், கடைவீடு, ஈய நிலம் எதற்கும் அடமானத்தின் பேரில் கடன் அங்கே கிடைத்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் வாங்கினார்கள்.

1940-இல் ஒருவர் பத்து ஏக்கர் ரப்பர் நிலத்தை அடமானம் வைத்து ஐயாயிரம் வெள்ளி வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு புரிவதற்காக நான் போடும் உதாரணம் இது. 1944 டிசம்பரில் அவர் ஐயாயிரம் வாழைமர வெள்ளியைக் கொண்டுவந்து மேசைப் பெட்டியின் மேல் வைக்கிறார். ஏஜெண்டு எண்ணிப் பார்க்கிறார். தொகை சரி. ஆனால் அந்த ஐயாயிரத்துக்கு அன்று கிடைக்கக்கூடியது 1941-இன் நாற்பத்தேழு வெள்ளிச் சாமான். வாங்க மாட்டேன் என்று சொன்னால் ஜப்பான் அரசின் நோட்டை மறுத்த குற்றம். வாங்கினார். பேரேட்டில் வரவு வைத்தார். அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஐயாயிரத்தில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று ஒரு கையெழுத்தில் போயிற்று. அது முழுவதும் அந்த ஏஜெண்டின் பணமும் இல்லை. காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஏதோ ஒரு வீட்டு ஆச்சியின் சீதனமோ, ஒரு கோயில் கட்டளைப் பணமோ அதில் கலந்திருக்கும்.

வட்டிக்கு விட்டவன் நஷ்டப்பட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடன்பட்டு நிலத்தை இழந்த எளியவர்களின் கண்ணீரையும் நான் அறிவேன். பர்மாவில் செட்டியார் கைக்குப் போன நெல்வயல்களின் கதை அந்நாட்டு அரசியலையே மாற்றியது. ஆனாலும் இந்த விதத்தில் கடன் தீர்வது நீதியாகாது. இதில் தப்பித்தவர் எளிய கடனாளி என்று சொல்ல முடியாது. கறுப்புச் சந்தையில் ஒரு மூட்டை அரிசியை விற்றால் ஐயாயிரம் வெள்ளி கிடைக்கும் நிலையில் இருந்தவரே கடனை அடைக்க முடிந்தது. தோட்டக் கூலியால் அப்போதும் முடியவில்லை.

போருக்குப் பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தச் சிக்கலை அவிழ்க்க 1948-இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்கள் பற்றி ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த மாதத்தில் எத்தனை ஜப்பான் வெள்ளி நூறு மலாயா வெள்ளிக்குச் சமம் என்று மாதம் மாதமாக வரிசை போட்டார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் வாங்கிய கடனை அந்த அட்டவணைப்படி மாற்றிக் கட்டலாம். ஆனால் போருக்கு முந்தைய கடனை வாழைமர நோட்டில் அடைத்திருந்தால் பெரும்பாலும் அது அடைபட்டதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைசிக் கட்டத்தில் அடைத்த சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. நம் உதாரணத்து ஏஜெண்டு போன்றவர்கள் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வழக்கறிஞர் வீட்டு வாசலில் நின்றார்கள். செத்த பணத்தை எந்தத் தேதியில் செத்ததாகக் கணக்கில் எழுதுவது என்பதுதான் வழக்கே.

சட்டப்படி அது செத்த தேதியில் குழப்பம் இல்லை. 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியது. ஜப்பான் நோட்டுக்கு மதிப்பே இல்லை என்று இராணுவ நிர்வாகம் அறிவித்தது. மாற்றித் தருவதற்கு ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. கூடவே புதிய மலாயா நோட்டுகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றில் போட்டிருந்த தேதி 1941 ஜூலை 1. போருக்கு முன்பே அடிக்க ஏற்பாடானவை. மன்னர் தலை போட்ட பழைய நோட்டும் முழு மதிப்போடு செல்லும் என்றார்கள். மூன்றரை ஆண்டு மூங்கிலுக்குள் கிடந்த பணம் உயிரோடு எழுந்து வந்தது. பெட்டி நிறைய வாழைமரம் வைத்திருந்தவர்களின் வீட்டில் அன்று அடுப்பு எரிக்கக்கூட அந்தக் காகிதம் சரியாக எரியவில்லை என்று சொல்வார்களாம்.

பணம் இறங்குவதெல்லாம் இந்த முடிவுக்கு வந்துவிடாது. நம் கரைக்கு நேர் எதிரே அண்மையில் அதைப் பார்த்தோம். 2022-இல் இலங்கையில் டாலர் தீர்ந்து, சில வாரங்களில் டாலருக்கு இருநூறு ரூபாய் என்றிருந்தது முந்நூற்றைம்பதைத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி, முந்தைய ஆண்டைவிட எழுபது சதவீதம் கூடுதல். மன்னாரிலிருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கின. ஜூன் மாதம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பலைத் தமிழக அரசு அனுப்பியது. அந்த எழுபது சதவீதம் ஓர் ஆண்டின் ஏற்றம். கேகன் அளவுகோலில் அது மிகைப் பணவீக்கத்துக்கு வெகு தூரம். இன்னொரு வேறுபாடும் இருந்தது. கொழும்பில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர் கையில் இலங்கை ரூபாய்தான் இருந்தது, கூலியும் ரூபாயில்தான் கொடுத்தார்கள். ரூபாயை ஓட்டமாக ஓடித் தள்ளிவிடும் நிலை வரும் முன்பே, ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே மூச்சில் ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. கையில் வைத்திருப்பவனுக்கு ஏதோ ஒரு கூலி கிடைக்கும் என்று ஆக்கியது. அதன் வலியை வேலை இழந்தவர்களும் கடன்பட்டவர்களும் தாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலாயாவில் 1943-இல் இப்படிச் செய்ய யாரும் இல்லை. நோட்டடித்தவன் வேறு நாட்டுக்காரன். போரில் ஜெயிப்பதற்கு வேண்டியதை வாங்கிக்கொண்டால் போதும் அவனுக்கு. அவனுடைய ஊரில் புழங்கும் பணம் வேறு.

ஆச்சியின் அப்பா 1946-இல் ஊர் வந்து சேர்ந்தார். மலாயா போக வர நம் பக்கத்து ஆட்களுக்கு அன்று நாகப்பட்டினமும் சென்னையும்தான் வாசல். அங்கே இறங்கி ரயிலேறித் தூத்துக்குடி வந்திருக்கிறார். ஏழு வருஷச் சம்பாத்தியத்தில் கையில் இருந்தது இந்தக் கட்டும், ஒரு தையல் கத்திரியும், இரண்டு கஜம் துணியும். துணியையும் கத்திரியையும் கடைசி வருஷம் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கிக்கொண்டாராம். அந்தக் கத்திரி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. ஆச்சி அதை வைத்துத்தான் மஞ்சள் துணியின் முடிச்சை நறுக்கினார்கள்.

"மாத்த முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் ஆச்சி கொண்டு வந்தாங்க?"

"அரசாங்கம் தாரேன்னு எழுதிக் கொடுத்திருக்குல்லா. என்னைக்காவது ஒரு நாள் கேப்பமின்னு வச்சிருந்தாவ. அம்பது வயசு வரைக்கும் கேக்கணும் கேக்கணும்னு சொல்லிட்டு இருந்தாவ."

நான் கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆச்சி ஒன்றை மட்டும் எடுத்து மறுபக்கம் திருப்பிக் காட்டினார்கள்.

"பின்னால கப்பல் ஒண்ணு போகுது, பாத்தியளா? நான் பிள்ளையா இருக்கையில, அப்பா வந்த கப்பல்தான் இதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். தினம் எடுத்து எடுத்துப் பாப்பேன்."

அந்த ஒரு நோட்டில் மட்டும் கப்பலைச் சுற்றிக் காகிதம் நைந்து மெலிந்திருந்தது.

(தொடரும்)